அப்பாவின் காணி நட்டஈடு: யாருக்கு எவ்வளவு?

“ஹட்டன் பக்கம் அப்பா உறுதியில் வாங்கின காணியை வீதிக்கு எடுக்கிறாங்க. அப்பா உயில் எழுதல. அம்மா இருக்கிறாங்க. நாலு பிள்ளைகளில் ஒரு அக்கா இறந்துட்டா. அண்ணன் தனியா காசை எடுக்கலாமா?”

எடுக்க முடியாது. மலையகத் தமிழருக்குப் பொதுச் சட்டம்தான், வடக்குத் தமிழரின் தேசவழமைச் சட்டம் இல்லை. பாதி அம்மாவுக்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. நட்டஈடு 48 லட்சம் என்று வைத்தால் அம்மாவுக்கு 24, ஒவ்வொரு பிள்ளைக்கும் 6.

சிக்கல் அக்காவின் பங்கில்தான். அவர் அப்பாவுக்கு முன்பே இறந்திருந்தால் அந்த 6 லட்சமும் அவர் பிள்ளைகளுக்கு. அத்தானுக்கு ஒன்றும் வராது. அப்பாவுக்குப் பிறகு உயிலில்லாமல் இறந்திருந்தால் அத்தானுக்கு 3, பிள்ளைகளுக்கு 3. ஆகவே இரண்டு மரணச் சான்றிதழ்களின் திகதியை முதலில் பாருங்கள்.

காணி எடுத்தல் சட்டத்தின் 7ஆம் பிரிவு அறிவித்தலில் உள்ள திகதிக்குள், பிரதேச செயலகத்தில் ஒவ்வொருவரும் தன் பெயரில் எழுத்தில் கோரிக்கை கொடுக்க வேண்டும். அண்ணன் மட்டும் கொடுத்தால் கோப்பில் அவர் பெயர்தான் இருக்கும், பலர் கோட்டைவிடுவது இங்கேதான். உறுதி, மரண, விவாக, பிறப்புச் சான்றிதழ்களின் பிரதிகளை இணையுங்கள். ‘முத்தையா’, ‘முத்தையாபிள்ளை’ என்று பத்திரங்களில் பெயர் மாறினால் சத்தியக் கடதாசியும் வேண்டும். பிறகு 9ஆம் பிரிவு விசாரணைக்கு நேரில் போங்கள். உரிமையில் தகராறு என்றால் விஷயம் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம். அதுவரை காசு கைக்கு வராது.

உறுதி இல்லாத அனுமதிப்பத்திரக் காணி என்றால் இந்தக் கணக்கு செல்லாது, அதில் பின்னுரித்தாளர் யார் என்பதே கேள்வி.