அடையாள அட்டைப் படத்தில் தலைக்கு மேல் எவ்வளவு இடம் விடுவது: கேள்வி பதில்

பதிலளிப்பவர் சேலத்தில் பள்ளிகளுக்கும் ஆலைகளுக்கும் அடையாள அட்டை அச்சிட்டுத் தரும் ஸ்டூடியோக்காரர்.

ஏற்காட்டுப் பள்ளி ஆசிரியை: ஐயா, கணினியில் பார்த்தபோது எல்லாப் பிள்ளைகளின் தலைக்கு மேலும் இடம் இருந்தது. அச்சாகி வந்த அட்டையிலோ பலருக்கு முடி வெட்டுப்பட்டிருக்கிறது. அச்சகத்தார் கட்டிங்கில் செய்த தவறா?

படம் அட்டையின் ஓரத்தைத் தொடாமல் உள்ளே ஒரு கட்டத்தில் இருந்தால், கட்டிங் கத்தி அதன் அருகே வருவதே இல்லை. முடியை வெட்டியது பெரும்பாலும் அந்தக் கட்டமாகத்தான் இருக்கும். நான் வழக்கமாக வைக்கும் கட்டம் 25 மி.மீ. அகலமும் 32 மி.மீ. உயரமும் உடையது. கேமராவில் நெட்டுவாக்கில் எடுத்த படம் 2:3 அளவில் இருப்பதால், அதன் அகலத்தை 25 மி.மீ.க்குக் கொண்டுவரும்போது உயரம் 37.5 மி.மீ. ஆகிவிடும். மிஞ்சும் 5.5 மி.மீ.யை மென்பொருள் மேலும் கீழும் பாதிப் பாதியாக, அதாவது 2.75 மி.மீ. வீதம், மறைத்துவிடும். நீங்கள் திரையில் பார்த்து நிம்மதியடைந்த 3 மி.மீ. இடைவெளியில் எஞ்சுவது கால் மி.மீ. மட்டுமே, கொஞ்சம் உயரமாக நின்ற பிள்ளைக்கு அதுவும் இருக்காது.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. மூலப் படத்தையும் அட்டையையும் பக்கத்தில் வைத்து, சட்டையின் கீழ்ப்பகுதியைப் பாருங்கள். மேலே போன அளவுக்குக் கீழேயும் போயிருந்தால் கட்டத்தின் வேலைதான். படங்களை அனுப்புவதற்கு முன்பே ஒவ்வொன்றையும் 25:32 விகிதத்தில் வெட்டி அனுப்பினால், அதன்பின் கட்டம் மறைப்பதற்கு ஒன்றும் இராது. போட்டோஷாப்பில் கிராப் கருவிக்கு மேலே `W x H x Resolution` என்பதைத் தேர்ந்து 25 mm, 32 mm, 300 என்று கொடுத்தால் போதும்.

ஆத்தூர் இளைஞர்: அண்ணா, பாஸ்போர்ட் படத்தில் முகம் 70 முதல் 80 சதவீதம் இருக்க வேண்டும் என்பார்களே, அதே கணக்கை வைத்தால் போதாதா?

பாதி சரி, தம்பி. 35-க்கு 45 என்ற பாஸ்போர்ட் படத்தின் விகிதமும் நம் கட்டத்தின் விகிதமும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் அந்தச் சதவீதம் தாடையிலிருந்து உச்சந்தலை வரை அளப்பது. தூக்கி வாரிய முடியும் கொண்டையும் அதில் சேராது. அட்டையில் வெட்டுப்படுவது முடிதான் என்பதால், நான் முடியின் உச்சியிலிருந்தே அளக்கிறேன். மேலே 3, முடி முதல் தாடை வரை 22, தாடைக்குக் கீழே 7 என 32 மி.மீ.யைப் பிரித்துக்கொள்வேன்.

ஓமலூர் வாசகர்: அட்டையின் மேலே கயிறு மாட்டும் துளைக்கும் படத்துக்கும் நடுவே உள்ள இடத்தைத்தானே சொல்கிறீர்கள்?

இல்லை, அது அட்டை வடிவமைப்பில் வருவது. இங்கே பேசுவது படத்துக்குள்ளேயே முடிக்கும் மேல் விளிம்புக்கும் நடுவே உள்ள இடத்தை. ஆனாலும் துளையைப் படத்துக்கு மிக அருகே போடாதீர்கள். பஞ்ச் சற்று நகர்ந்தால் படத்தைக் கடித்துவிடும்.

அஸ்தம்பட்டித் தாய்: என் மகளுக்கு அடர்ந்த சுருட்டை முடி. அவள் அட்டையில் மட்டும் முகம் சின்னதாக இருக்கிறது. மற்ற பிள்ளைகளைப் போல் வராதா?

வரும், ஆனால் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். எல்லோருக்கும் முடியின் உச்சியை ஒரே கோட்டில் வைத்தால் உங்கள் மகளின் முகம் சிறுக்கும். கண்களை ஒரே கோட்டில் வைத்தால் முடி விளிம்பைத் தொடும். நான் முகத்தின் அளவை ஒன்றாக வைத்துக்கொண்டு, இத்தகைய பிள்ளைகளுக்கு மேலே 1.5 மி.மீ. வரை இறங்கிவருகிறேன். என்னிடம் வேலை பழகி இப்போது தனியாகக் கடை வைத்திருப்பவர் இதை ஒப்புக்கொள்வதில்லை. வரிசையாக அடுக்கும்போது மேல் இடைவெளி ஒன்றாக இருப்பதே அழகு என்கிறார். எங்கள் வாதம் இன்னும் ஓயவில்லை.

முதலில் கேட்ட ஆசிரியை: படம் எடுக்கும்போதே மேலே இடம் விடாதவர்களுக்கு என்ன செய்வது? மறுபடியும் எடுக்க இயலாது.

எவ்வளவு குறைகிறது என்று முதலில் அளந்துகொள்ளுங்கள். ஒரு படத்தில் முடி முதல் தாடை வரை 2,400 பிக்சல், மேலே 150 பிக்சல் என்று வையுங்கள். 22 மி.மீ.க்கு 2,400 என்றால் ஒரு மி.மீ.க்கு 109, ஆகவே 3 மி.மீ.க்கு 327 வேண்டும், 177 குறைகிறது. கீழே இன்னும் நெருக்கி வெட்டினால் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். தாடைக்குக் கீழே 400 பிக்சல் மட்டும் விட்டு வெட்டினால், மேலே 1.6 மி.மீ. கிடைக்கிறது, ஆனால் தலை 26 மி.மீ. ஆகிக் கட்டத்தை அடைத்துக்கொள்கிறது, தோளும் போய்விடுகிறது.

பின்னணி ஒரே நிறச் சுவராக இருந்தால், படத்தின் மேலே வெற்றிடம் சேர்த்து அதே நிறத்தால் நிரப்புவதே நல்லது. உங்கள் ஊரில் வராந்தாச் சுவரில் எடுக்கும் படங்களில் ஒரு சிக்கல் உண்டு: பனிமூட்டத்தின் வெளிச்சம் ஒரு பக்கமிருந்து வருவதால் சுவர் இடப்புறம் வெளுத்தும் வலப்புறம் மங்கியும் இருக்கும். அங்கே ஒரே நிறத்தை ஊற்றினால் தலைக்கு மேல் ஒரு பட்டை தெரியும். அதற்குப் பதில், முடிக்கு மேலே உள்ள சுவரின் மெல்லிய கீற்றை இடமிருந்து வலம் முழு அகலத்துக்கும் தேர்ந்து, மேல்நோக்கி மட்டும் இழுத்து நீட்டுங்கள். முடியின் ஓர் இழைகூட அந்தக் கீற்றில் சேரக் கூடாது. சேர்ந்தால் அதுவும் நீண்டு கொம்பு முளைத்ததுபோல் ஆகிவிடும்.