"லாஸ்ட் பிரைஸ் சொல்லுங்க" என்றால் என்ன சொல்வது?

"பின்னல் பொம்மைகள் விற்கிறேன். ஒருவருக்கு 10 சதவீதம் குறைத்தேன். இப்போது அவர் தோழிகளும் அதே விலை கேட்டு மெசேஜ் போடுகிறார்கள்."

உங்கள் விலை 100 பங்கு, அதில் செலவு 70 என்று வையுங்கள். 10 குறைத்தால் லாபத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அதைவிடப் பெரிய நஷ்டம், கேட்டால் குறையும் என்று அவர்கள் கற்றுக்கொண்டது.

அதனால் விலையைக் குறைப்பதென்றால், பொருளிலும் ஏதாவது குறைய வேண்டும். நான் அனுப்புவது இப்படி: "பெரிய பொம்மையின் விலை இதுதாங்க. உங்கள் பட்ஜெட்டுக்குள் வேண்டுமென்றால் சின்ன அளவில், பெயர் பின்னாமல் செய்து தரலாம். எது வேண்டும்?" மன்னிப்பும் வேண்டாம், நூல் விலையேற்றக் கதையும் வேண்டாம். காரணம் அடுக்கினால் ஒவ்வொன்றுக்கும் எதிர்வாதம் வரும். அனுப்பிவிட்டுச் சும்மா இருங்கள். பதில் வரவில்லையே என்று அரை மணி நேரத்தில் நீங்களே இறங்கி வருவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு (நானும் செய்திருக்கிறேன்).

தோழிகளுக்கு: "அது அந்த ஒரு ஆர்டருக்கு மட்டும் கொடுத்தது. மூன்று பொம்மை சேர்த்து வாங்கினால் டெலிவரி இலவசம், அது எல்லோருக்கும் உண்டு." இந்தச் சலுகையை உங்கள் விற்பனைப் பக்கத்திலும் எழுதிப் போடுங்கள். தனி மெசேஜில் மட்டும் கிடைக்கும் சலுகைதான் பேரத்தை வளர்க்கிறது.

"வேறு இடத்தில் மலிவு" என்றால், "சரிங்க, அங்கே பிடித்திருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள்" போதும். சிலர் போய்விடுவார்கள். ஆனால் மெசேஜ் போடுபவர்களில் பாதிப் பேர் விலையே கேட்காமல் மறைந்தால் பேரம் காரணமல்ல, படமும் விவரமும் போதவில்லை.