16,000 ரூபாயை 15 ஆண்டுக்கு விட்டுக்கொடுத்து 15.73 லட்சம் வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். மத்திய அரசு அலுவலகத்தில் வேலை. 2004-க்கு முன்பே சேர்ந்தவன், பழைய பென்ஷன். இன்னும் நான்கு மாதத்தில் 60 வயதில் ஓய்வு. கடைசி அடிப்படைச் சம்பளம் 80,000, பென்ஷன் 40,000 வரும். 40 சதவீதம் கம்யூட் செய்தால், அதாவது பென்ஷனில் அந்தப் பங்கை 15 வருஷத்துக்கு விட்டுக்கொடுத்து மொத்தமாகப் பணம் வாங்கினால், கையில் 15.73 லட்சம் கிடைக்கும், எல்லோரும் அப்படித்தான் வாங்குகிறார்கள் என்று ஆபீசில் சொல்கிறார்கள். மாப்பிள்ளையோ, "மாதம் 16,000 வீதம் 15 வருஷம் பிடித்தால் 28.80 லட்சம் போகிறது, ஏமாறாதீர்கள்" என்கிறார். வீட்டுக் கடனை கிராஜுவிட்டியில் அடைத்துவிடுவேன், வேறு கடன் இல்லை. மாதச் செலவு 45,000. மூன்று வருஷம் முன்பு எனக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். என்ன செய்யட்டும்? – திருச்சி வாசகர்

பதில்: உங்கள் மாப்பிள்ளை கூட்டலில் தப்பு செய்யவில்லை. 16,000-ஐ 180 மாதத்தால் பெருக்கினால் 28.80 லட்சம்தான். ஆனால் அடுத்த மாதம் வரும் 16,000-ஐயும் உங்கள் 75-வது வயதில் வரும் 16,000-ஐயும் ஒரே நோட்டாக நினைத்துக் கூட்டியிருக்கிறார். இன்று கையில் வரும் 15.73 லட்சத்தோடு ஒப்பிட வேண்டுமானால், அந்த 180 தவணைகளையும் முதலில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர வேண்டும்.

அது எப்படி என்று பாருங்கள். உங்கள் பணம் பாதுகாப்பான இடத்தில் ஆண்டுக்கு 7 சதவீதம் சம்பாதிக்கும் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த மாதம் 16,000 வேண்டுமானால் இன்று 15,907 ரூபாய் போட்டால் போதும். ஓராண்டு கழித்து வரும் 16,000-க்கு இன்று 14,921. பதினைந்தாம் ஆண்டின் கடைசித் தவணைக்கு இன்று வெறும் 5,616 ரூபாய் போட்டு வைத்தாலே அது வளர்ந்து 16,000 ஆகிவிடும். இப்படி 180 தவணைக்கும் போட்டுக் கூட்டினால் 17.80 லட்சம் வருகிறது. ஆக, 15 ஆண்டும் நீங்கள் இருப்பீர்கள் என்று எடுத்துக்கொண்டால், விட்டுக்கொடுப்பது 17.80 லட்சம், வாங்குவது 15.73 லட்சம். இன்றைய ரூபாயில் நஷ்டம் 2.07 லட்சம். மாப்பிள்ளை கணக்குப்படி 28.80 லட்சத்தில் 15.73 லட்சம் போக வரும் 13 லட்சத்துக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்!

15.73 லட்சம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அரசின் கம்யூடேஷன் அட்டவணையில், அடுத்த பிறந்தநாளில் 61 ஆகிறவருக்கு எண் 8.194. கழிக்கப்படும் மாதத் தொகை 16,000, அதை 12-ஆல் பெருக்கி, பிறகு 8.194-ஆல் பெருக்கினால் 15,73,248. இதையே கடன் என்று நினைத்துப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். 15,73,248 ரூபாய் கடன், மாதம் 16,000 இ.எம்.ஐ., 180 மாதம். இதற்கு வட்டி ஆண்டுக்கு 9.05 சதவீதம் ஆகிறது. எக்செலில் நீங்களே போட்டுப் பார்க்கலாம்:

```
=PV(7%/12, 180, -16000)
=RATE(180, -16000, 1573248)*12
=NPER(7%/12, -16000, 1573248)
```

முதல் வரி 17.80 லட்சத்தைத் தரும், இரண்டாவது 9.05 சதவீதத்தை. மூன்றாவது வரிதான் எனக்குப் பிடித்தது. அதற்கு விடை 146.5 மாதம். அதாவது அந்த 15.73 லட்சத்தை 7 சதவீதத்தில் போட்டு, பிடித்த 16,000-ஐ நீங்களே மாதாமாதம் அதிலிருந்து எடுத்துக்கொண்டால், 12 ஆண்டு 2 மாதத்தில் பணம் தீர்ந்துவிடும். பென்ஷனில் பிடித்தம் மட்டும் இன்னும் 2 ஆண்டு 10 மாதம் ஓடும்.

ஆபீசில் இன்னொரு கணக்கும் உலவும். "15.73 லட்சத்தை 16,000-ஆல் வகுத்தால் 98 மாதம். எட்டு வருஷத்தில் சர்க்கார் எடுத்துவிடுகிறது, மிச்ச ஏழு வருஷம் கொள்ளை" என்பார்கள். இது மாப்பிள்ளையின் கணக்கைப் போலவே வட்டியை மறந்த கணக்கு. வட்டியே இல்லாமல் 15 லட்சம் யார் தருவார்கள்?

இதுவரை சொன்னதை மட்டும் வைத்து முடிவெடுப்பதானால், "9.05 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கி 7 சதவீதத்துக்கு வங்கியில் போடாதீர்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவேன். கடன் எதுவும் இல்லாத, உடம்பு கெட்டியாக இருக்கிற, அப்பா அம்மா 90 வரை இருந்த ஆட்களிடம் அதைத்தான் சொல்லி வருகிறேன். உங்கள் விஷயம் வேறு. அதற்குக் காரணம் நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதிய அந்த ஸ்டென்ட்.

சாதாரணக் கடனில் கடன் வாங்கியவர் இறந்தால் பாக்கியைக் குடும்பத்திடமோ சொத்திலிருந்தோ வசூலிப்பார்கள். கம்யூடேஷனில் அது கிடையாது. பென்ஷன்தாரர் இறந்த மாதத்தோடு பிடித்தம் நின்றுவிடும். மனைவிக்கு வரும் குடும்ப ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடப்படுவதால், நீங்கள் கம்யூட் செய்தாலும் செய்யாவிட்டாலும் அதில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. 30 சதவீதம் என்ற சாதாரண விகிதத்தில் உங்கள் மனைவிக்கு 24,000 ரூபாயும் அதற்கான அகவிலை நிவாரணமும் உண்டு.

மனம் சங்கடப்படாமல் இதை எண்களில் பாருங்கள். ஐந்தாம் ஆண்டு முடிவில் ஏதாவது ஆகிறது என்றால், அதுவரை பிடித்தது 9.60 லட்சம். வீட்டுக்கு வந்திருப்பது 15.73 லட்சம். பத்தாம் ஆண்டு முடிவில் என்றால் பிடித்தது 19.20 லட்சம், ஆனால் 7 சதவீதத்தில் அதன் இன்றைய மதிப்பு 13.78 லட்சம்தான்; அப்போதும் குடும்பம் இரண்டு லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக லாபத்தில் இருக்கிறது. கோடு விழும் இடம் மேலே பார்த்த அதே 12 ஆண்டு 2 மாதம், உங்கள் 72-வது வயது. அதற்கு முன்னால் என்றால் கம்யூட் செய்தது சரி. அதைத் தாண்டி இருந்தால் நஷ்டம், ஆனால் அந்த நஷ்டம் எவ்வளவு போனாலும் இன்றைய ரூபாயில் 2.07 லட்சத்தைத் தாண்டாது. 75-க்குப் பிறகு முழு பென்ஷன் திரும்பிவிடுமே.

எனவே உங்களுக்கு இது வட்டிக் கணக்கை விட இன்ஷூரன்ஸ் கணக்காகத்தான் எனக்குத் தெரிகிறது. முதல் ஆண்டில் கிட்டத்தட்ட 15 லட்சத்தில் தொடங்கி வருஷா வருஷம் குறையும் கவர். அதற்கான பிரீமியம், அதுவும் நீங்கள் நீண்ட நாள் இருந்தால் மட்டும் செலுத்துவது, 2.07 லட்சம். ஸ்டென்ட் வைத்த 60 வயதுக்காரருக்கு எந்த இன்ஷூரன்ஸ் ஏஜென்டும் இந்த விலையில் பாலிசி கொண்டுவரமாட்டார். அரசு அட்டவணையோ வயதை மட்டும்தான் பார்க்கிறது, இதயத்தைப் பார்ப்பதில்லை. 60 வயதில் ஓய்வு பெறுகிறவர் ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் மருத்துவப் பரிசோதனை கிடையாது. ஓராண்டு தாண்டினால் பரிசோதனை உண்டு. டாக்டர் உங்கள் வயதோடு சில வருஷத்தைக் கூட்டிப் போட்டுவிட்டால், 8.194 என்ற எண் இறங்கிவிடும். "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடக் கூடாத ஆள் நீங்கள்.

இனி மாதச் செலவுக்குக் கட்டுமா என்று பார்ப்போம். அகவிலை நிவாரணத்தைக் குறைத்த பென்ஷனுக்குக் கணக்கிடமாட்டார்கள், முழு 40,000-க்கும் தருவார்கள். நிவாரணம் 55 சதவீதம் என்று வைத்தால் 22,000. கம்யூட் செய்யாவிட்டால் மாதம் 62,000, செய்தால் 46,000. செலவு 45,000 என்கிறீர்கள், ஆக பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்ட வேண்டியிருக்காது. அந்த 15.73 லட்சத்தைத் தபால் நிலையத்திலோ வங்கியிலோ மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால், 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 32,000 ரூபாய்க்குச் சற்று மேலே வரும், மாதத்துக்குச் சுமார் 10,750. சேர்த்தால் 56,750. முதல் அப்படியே இருக்கும். அந்தக் கணக்குக்கு ஐந்தாண்டு வரை வட்டி மாறாது. அதற்குப் பிறகு என்ன விகிதமோ அதுதான்.

வரி மிச்சமாகும் என்றும் சிலர் சொல்வார்கள். கம்யூட் செய்த தொகைக்கு அரசு ஊழியருக்கு வரி கிடையாது, பிடித்த 16,000-க்கும் வரி கிடையாது என்பது உண்மை. 20 சதவீத வரி கட்டுகிற ஒருவருக்கு இதனால் 9.05 சதவீத வட்டி ஏறக்குறைய 5.4 சதவீதமாக இறங்கிவிடும், அப்போது கதையே மாறும். ஆனால் 2025-26 நிதியாண்டு முதல் புதிய முறையில் 12 லட்சம் வரை வருமானத்துக்கு வரி வராது. உங்கள் பென்ஷன் எப்படிப் பார்த்தாலும் அதற்குள் அடங்கும். இல்லாத வரியை மிச்சப்படுத்த முடியாது, ஆகவே இந்தக் காரணத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். வாடகை வருமானம், மனை விற்பனை என்று ஏதாவது இருந்தால் மட்டும் எழுதுங்கள், மறுபடி போட்டுப் பார்க்கலாம்.

என் முடிவு: 40 சதவீதமும் கம்யூட் செய்யுங்கள். மொத்தமும் மனதுக்கு ஒப்பவில்லையென்றால் 20 சதவீதம் மட்டும் செய்யலாம். எல்லாக் கணக்கும் பாதியாகும். ஒருமுறை பணம் வாங்கிவிட்டால் திருப்பிக் கொடுத்து ரத்து செய்ய முடியாது. பணம் வந்த வாரமே சேமிப்புத் திட்டத்தில் போட்டு மனைவியை நாமினியாக எழுதிவிடுங்கள். என்னிடம் வந்த ஒருவர் இதே அளவு தொகையை வாங்கி, மச்சான் வியாபாரத்துக்கு என்று மூன்று மாதத்தில் கொடுத்துவிட்டார். 15 வருஷப் பிடித்தம் மட்டும் அவரிடம் மிஞ்சியது. அப்படிப் பணம் கேட்கக்கூடிய சொந்தம் உங்களைச் சுற்றி இருந்தால், இன்ஷூரன்ஸ் லாபத்தையெல்லாம் மறந்துவிட்டு மாத பென்ஷனையே வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொன்று. பி.பி.ஓ. என்ற பென்ஷன் உத்தரவில் கம்யூடேஷன் பிடித்தம் தொடங்கும் தேதி இருக்கும். அதிலிருந்து சரியாக 15 ஆண்டு கூட்டி, முழு பென்ஷன் திரும்பும் மாதத்தை பி.பி.ஓ. நகலின் மேலேயே பேனாவால் எழுதி மனைவியிடமும் காட்டி வையுங்கள். அந்த மாதத்துக்குப் பிறகும் வங்கி பிடித்தத்தை நிறுத்தாமல் விட்ட பாஸ்புக்குகளைப் பார்த்திருக்கிறேன். கேட்டவருக்கு நிலுவை வந்தது.