சுகர் எல்லையில் நிற்கிறது, நடை மட்டும் போதுமா?

கேள்வி: "அப்பா போன வருடம் ரிட்டயர் ஆனார். ஹெச்பிஏ1சி சுகர் டெஸ்டில் 6.2 வந்திருக்கிறது, இப்பவே கவனிக்காவிட்டால் சர்க்கரை நோய்தான் என்று டாக்டர் எச்சரித்திருக்கிறார். தினமும் காலையில் நடக்கிறார், மூன்று மாதம் ஆகியும் குறையவில்லை. சோற்றை நிறுத்திவிட்டு சப்பாத்திக்கு மாறச் சொல்லலாமா?" - வாசகி, மதுரை

பதில்: எங்கள் தெருவில் ரிட்டயர் ஆன பஸ் கண்டக்டர் ஒருவர் இருக்கிறார். வேலையில் இருந்தவரை நாளெல்லாம் நின்றும் நடந்துமே பழகியவர், ரிட்டயர் ஆனதும் டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டார், சாப்பாட்டு அளவு மட்டும் பழையபடியே இருந்தது. ஹெச்பிஏ1சி 6.3 என்று வந்தது. 5.7க்குக் கீழே இருந்தால் நார்மல், 6.5 தொட்டால் சர்க்கரை நோய் என்று டாக்டர் சொன்னதும் பயந்துபோய் மறுநாளே ஷூ வாங்கி, காலையில் ஒரு மணி நேரம் நடக்க ஆரம்பித்தார். திரும்பி வரும்போது டீக்கடையில் சர்க்கரை போட்ட டீயும் இரண்டு வடையும். இரவில் சோற்றுக்குப் பதில் நாலைந்து சப்பாத்தி, கூடவே உருளைக்கிழங்கு மசால். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் 6.2!

கோதுமையும் மாவுச்சத்துதான், உருளைக்கிழங்கும் அதேதான். நாலு சப்பாத்தி சாப்பிட்டால் ஒரு தட்டுச் சோறு சாப்பிட்ட மாதிரிதான் சுகர் ஏறும். அதனால் டாக்டர் சோற்றை நிறுத்தச் சொல்லவில்லை, தட்டை மாற்றச் சொன்னார். முன்பு நடுவில் சோறு குவிந்திருக்கும், ஓரத்தில் ஒரு ஸ்பூன் பொரியல். இப்போது அவரே போட்டுக்கொள்கிறார்: முதலில் பாதித் தட்டுக்கு அவரைக்காயோ கீரையோ கோஸோ, கால் பங்குக்குக் கெட்டிப் பருப்போ சுண்டலோ முட்டையோ மீனோ, மீதிக் கால் பங்கில்தான் சோறு. காயைப் பாதி சாப்பிட்ட பிறகே சோற்றில் கை வைக்கிறார், நார்ச்சத்து முதலில் உள்ளே போனால் சுகர் மெதுவாக ஏறும். முதல் வாரம் பத்து மணிக்கே பசித்ததாம், பருப்பைக் கூட்டியதும் அது சரியாகிவிட்டது.

அப்புறம் நடையைப் பிரித்துக்கொண்டார். காலையில் அரை மணி நேரம், மதியமும் இரவும் சாப்பிட்டு எழுந்ததும் தெருவிலேயே ஒரு கால் மணி நேரம். சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் சுகர் ஏறுகிற நேரத்தில் கால் தசைகள் வேலை செய்தால் அந்தச் சுகரை அவை இழுத்துக்கொள்ளும், அதற்காக வேகமாக நடக்க வேண்டும் என்பதுகூட இல்லை. அடுத்த டெஸ்டில் 5.9 வந்தது.

அதனால் உங்கள் அப்பா நடையை நிறுத்த வேண்டாம், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளட்டும். டீயில் சர்க்கரையை இன்றைக்கே விட்டுவிடலாம். கேழ்வரகுக் கூழ் நல்லது என்று யாராவது சொன்னால் டம்ளர் டம்ளராகக் கொடுத்துவிடாதீர்கள், கூழாகக் குடித்தால் அதுவும் சட்டென்று ஏற்றும். கிட்னிப் பிரச்னை இருந்தால் பருப்பின் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நடக்கும்போது நெஞ்சை அழுத்தினாலோ வழக்கத்தைவிட மூச்சு வாங்கினாலோ உடனே நின்றுவிட வேண்டும், அன்றைக்கே டாக்டரைப் பார்த்துவிடுங்கள். ஹெச்பிஏ1சி மூன்று மாதச் சராசரி என்பதால் மாதாமாதம் எடுத்துக் கவலைப்பட வேண்டியதில்லை, மூன்று மாதம் கழித்துப் பாருங்கள்.