சிங்கப்பூரில் 12 மணி நேர நைட் ஷிப்ட்: எதை மறுக்கலாம், எதை மறுக்க முடியாது?

கேள்வி: துவாஸில் ஒரு ஃபேக்டரியில் ஒர்க் பெர்மிட்டில் மெஷின் ஆபரேட்டராக இருக்கிறேன். பேசிக் 900 வெள்ளி. ராத்திரி 8 முதல் காலை 8 வரை, வாரம் ஆறு நாள். நடுவில் ஒரு மணி நேரம்தான் பிரேக். சில நாள் காலை 11 வரை நிற்க வைக்கிறார்கள். ஞாயிறு காலை ஷிப்ட் முடித்தால் திங்கள் காலை 8 மணிக்கு டே ஷிப்ட் போட்டுவிடுகிறார்கள். எதற்கெல்லாம் முடியாது என்று சொல்லலாம்? சொன்னால் பெர்மிட் கேன்சல் ஆகுமா?

பதில்:

நைட் ஷிப்டையே மறுக்கும் உரிமை சிங்கப்பூர் வேலை நியமனச் சட்டத்தில் இல்லை. நைட் அலவன்ஸ் கொடுத்தே ஆக வேண்டும் என்றும் சட்டம் சொல்லவில்லை. அது உங்கள் ஒப்பந்தத்தில் இருந்தால் உண்டு. அதனால் வேலை நேரம், ஷிப்ட் பற்றி ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். அந்த முக்கிய விவரங்களை வேலையில் சேர்ந்த 14 நாளுக்குள் எழுத்தில் தந்திருக்க வேண்டும். பகல் வேலை என்று மட்டும் எழுதியிருந்தால், உங்கள் சம்மதம் கேட்காமல் ராத்திரிக்கு மாற்றுவதை எதிர்த்துப் பேச இடம் இருக்கிறது. ஷிப்ட் என்று எழுதியிருந்தால் அந்தக் கதவு மூடியது. பிறகு பேச வேண்டியது ராத்திரியைப் பற்றி இல்லை, மணிக்கணக்கைப் பற்றி. உங்கள் கேஸ் அங்கேதான் வலுவாக இருக்கிறது.

சட்டத்தில் வேலை நேரம், ஓய்வு நாள், ஓடி எனப்படும் கூடுதல் நேர வேலை பற்றிய பகுதி எல்லோருக்கும் பொருந்தாது. உடலுழைப்பு வேலை செய்பவருக்குப் பேசிக் 4,500 வெள்ளி வரையிலும், மற்றவர்களுக்கு 2,600 வரையிலும் பொருந்தும். மேனேஜர் வேலையில் இருப்பவர்கள், வீட்டுப் பணிப்பெண்கள், கப்பல் மாலுமிகள் இதில் வரமாட்டார்கள். மெஷின் ஆபரேட்டர் உடலுழைப்பு வகை, உங்களுக்கு 900. சந்தேகமே இல்லாமல் உள்ளே இருக்கிறீர்கள். பெர்மிட்டில் வந்தவருக்கு இந்தச் சட்டம் கிடையாது என்று யாராவது சொன்னால் அது பொய்.

இப்போது உங்கள் வாரத்தை எண்ணிப் பார்ப்போம். பிரேக் நேரம் வேலை நேரத்தில் சேராது. ஆகவே 8 முதல் 8 வரை 12 மணி நேரத்தில் ஒரு மணி போக 11 மணி நேர வேலை. ஆறு நாளுக்கு 66. சட்டப்படி சாதாரண வேலை வாரத்துக்கு 44 மணி. மீதி 22 மணி நேரம் ஓடி. நான்கு வாரத்தில் அது 88 ஆகிறது. ஆனால் ஒரு மாதத்தில் 72 மணி நேரத்துக்கு மேல் ஓடி செய்ய வைக்கக் கூடாது. அதைத் தாண்ட வேண்டுமானால் கம்பெனி மனிதவள அமைச்சிடம் முன்கூட்டியே விலக்கு வாங்கியிருக்க வேண்டும். அதாவது யாரும் 11 மணி வரை நிற்க வைக்காவிட்டாலும், உங்கள் வழக்கமான ஷிப்டே மாதக் கடைசியில் வரம்பைத் தாண்டுகிறது. பலருக்கு இது தெரிவதில்லை, ஏனென்றால் தினக்கணக்கில் பார்த்தால் 11 மணி நேரம் சட்டத்துக்கு உட்பட்டதாகவே தெரியும்.

காலை 11 வரை நிற்பது தனிக் கதை. ஓடியும் சேர்த்து ஒரு நாளைக்கு 12 மணி நேரம்தான் உச்சம். ராத்திரி 8 முதல் காலை 11 வரை பிரேக் போக 14 மணி நேரம். அன்று ராத்திரியே மறுபடி 8 மணிக்கு வருகிறீர்கள் என்றால் நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை எண்ணினாலும் அதே 14 தான் வரும். இதை மறுக்கலாம். ஆனால் விபத்து நடந்துவிட்டது, அல்லது நடக்கப்போகிறது, மெஷினில் அவசர ரிப்பேர், யாரும் எதிர்பார்க்க முடியாதபடி வேலை நின்றுபோனது, மக்களுக்கு அத்தியாவசியமான வேலை, நாட்டுப் பாதுகாப்பு. இவற்றுக்குச் சட்டமே வழிவிடுகிறது. "அடுத்த ஷிப்டுக்கு ஆள் வரவில்லை" என்பது வாரம் இரண்டு முறை நடந்தால் அதை எதிர்பாராதது என்று சொல்வது கஷ்டம். எந்தத் தேதியில், என்ன காரணம் சொல்லி நிற்க வைத்தார்கள் என்று குறித்துவைப்பது இதற்காகத்தான்.

பிரேக் விஷயத்தில் பொது விதி: தொடர்ந்து 6 மணி நேரத்துக்கு மேல் இடைவெளி இல்லாமல் வேலை வாங்கக் கூடாது. நிறுத்த முடியாத வேலையாக இருந்தால் 8 மணி நேரம் வரை போகலாம், ஆனால் சாப்பாட்டுக்கு 45 நிமிடமாவது விட வேண்டும். உங்களுக்கு ராத்திரி 1 மணிக்குப் பிரேக் விட்டால் 8 முதல் 1 வரை 5 மணி, 2 முதல் 8 வரை சரியாக 6 மணி, ஒழுங்காக இருக்கிறது. அதே பிரேக்கை 3 மணிக்குத் தள்ளினால் முன்பாதி 7 மணி நேரமாகிவிடும். மெஷின் ஓடுகிறது என்று 20 நிமிடத்தில் சாப்பிட்டு வரச் சொல்லிவிட்டு டைம் கார்டில் ஒரு மணி கழித்தால், அந்த 40 நிமிடம் உங்களுக்குச் சம்பளம் வர வேண்டிய வேலை நேரம்.

இங்கே ஒரு காகிதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஷிப்ட் தொழிலாளி எழுத்தில் சம்மதித்தால் தொடர்ந்து 6 மணி, ஒரு நாளைக்கு 8 மணி, வாரம் 44 மணி என்ற வரம்புகளைக் கம்பெனி தளர்த்திக்கொள்ளலாம். ஆனால் தொடர்ந்து வரும் 3 வாரத்தில் சராசரி 44க்கு மேல் போகக் கூடாது, 12 மணி உச்சமும் அப்படியே நிற்கும். கையெழுத்து வாங்குமுன் ஷிப்ட் தொடங்கும், முடியும் நேரம், வாரத்தில் எத்தனை நாள், ஓய்வு நாள் எது என்பதையெல்லாம் விளக்கியிருக்க வேண்டும். சேரும்போது கொடுத்த காகிதக் கட்டுக்குள் இந்தத் தாளும் இருந்திருக்கலாம். இருந்தாலும் பயப்பட வேண்டாம்: 3 வாரத்தில் உங்கள் வேலை 198 மணி, அனுமதித்தது 132. மிச்சம் 66 மணியும் ஓடிதான். கையெழுத்துப் போட்டாய், ஓடி கிடையாது என்பது செல்லாது.

திங்கள் காலை டே ஷிப்ட்தான் உங்கள் கேள்வியிலேயே தெளிவான மீறல். சாதாரண வேலைக்காரருக்கு ஓய்வு நாள் என்பது ஒரு முழு நாள். ஷிப்ட் வேலைக்காரருக்கு அது தொடர்ச்சியான 30 மணி நேரம். ஞாயிறு மாலை 6 மணிக்குள் தொடங்கினால் திங்கள் வரை நீண்டாலும் அந்த வாரத்து ஓய்வாகவே கணக்கு. ஞாயிறு காலை 8 மணிக்கு முடித்த உங்களைத் திங்கள் மதியம் 2 மணிக்கு முன் கூப்பிட முடியாது. திங்கள் காலை 8 என்றால் 24 மணிதான் கிடைக்கிறது, 6 மணி நேரம் குறைகிறது. திங்கள் ராத்திரி 8 மணிக்கு வரச் சொன்னால் 36 மணி, அது சரி. ஓய்வை வேறு நாளுக்கு மாற்றலாமா என்றால் மாற்றலாம், ஆனால் மாதம் தொடங்கும் முன்பே பட்டியல் போட்டிருக்க வேண்டும், இரண்டு ஓய்வு நாளுக்கு நடுவே 12 நாளுக்கு மேல் போகக் கூடாது.

ஓய்வு நாளில் வேலைக்கு வரும்படி கட்டாயப்படுத்தக் கூடாது. மேலே சொன்ன அவசரங்களும், இடைவிடாது ஷிப்ட் மேல் ஷிப்டாக ஓடும் வேலையும் விலக்கு. நீங்கள் வந்தால் காசு எப்படி என்பது யார் கேட்டார்கள் என்பதைப் பொறுத்தது. கம்பெனி கேட்டு அரை நாளுக்கு மேல் செய்தால் இரண்டு நாள் சம்பளம். நீங்களாகக் கேட்டுச் செய்தால் ஒரு நாள்தான். அதனால்தான் சில இடங்களில் "நானே விரும்பிக் கேட்கிறேன்" என்று எழுதிய ஃபாரத்தை நீட்டுவார்கள். அந்தக் கையெழுத்தின் விலை உங்களுக்கு ஒரு நாள் சம்பளம்.

அந்த விலை எவ்வளவு? ஒரு நாள் பேசிக்: 900 × 12 ÷ (52 × 6) = 34.62 வெள்ளி. இரண்டு நாள் 69.23. ஒரு மணி நேரப் பேசிக்: 900 × 12 ÷ (52 × 44) = 4.72. ஓடி அதன் ஒன்றரை மடங்கு, 7.08. நான்கு வாரத்து 88 மணிக்கு 623 வெள்ளி வர வேண்டும். 72க்கு மேல் செய்ததற்குக் காசு இல்லை என்பார்கள். அதிகம் வேலை வாங்கியது அவர்கள் தப்பு, செய்த மணிக்கெல்லாம் காசு உண்டு. இந்தக் கணக்குக்கு அடிப்படை பேசிக் என்பதால் அதைக் குறைத்து அலவன்ஸைக் கூட்டிக் காட்டுவது பழைய தந்திரம். பெர்மிட்டுக்கு முன் வந்த ஐபிஏ கடிதத்தில் இருக்கும் பேசிக்கை, நீங்கள் எழுத்தில் சம்மதித்து அமைச்சுக்கும் தெரிவிக்காமல் குறைக்க முடியாது. அந்தக் கடிதத்தின் படம் போனில் இல்லையென்றால் இன்றே எடுத்துவையுங்கள்.

மறுக்கும் விதம்தான் பெர்மிட்டைக் காப்பாற்றும். வேலையைப் போட்டுவிட்டுத் தங்கும் டோமுக்குப் போகாதீர்கள். அனுமதியும் சரியான காரணமும் இல்லாமல் தொடர்ந்து இரண்டு வேலை நாளுக்கு மேல் வராவிட்டால் நீங்களே ஒப்பந்தத்தை முறித்ததாக ஆகிவிடும். உங்கள் பக்கம் இருந்த நியாயம் அதோடு போயிற்று. ஷிப்டுக்கு வாருங்கள், முடியும் மணிக்கு முன் சூப்பர்வைசருக்கு வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு செய்தி போடுங்கள்: "அண்ணே, நேத்து ராத்திரி 8 மணிக்கு வந்தேன். 8 மணிக்கு ஷிப்ட் முடியுது. ரொம்ப அசதியா இருக்கு, மெஷின்ல நிக்கிறது ஆபத்து. இன்னிக்கு ராத்திரி வழக்கம்போல வர்றேன்." சட்டப் பிரிவு எதுவும் வேண்டாம். தேதி, நேரம், திரும்ப வருகிறேன் என்ற வார்த்தை, இந்த மூன்றும் இருந்தால் போதும். வாயால் மட்டும் சொன்னால் நாளைக்கு "சொல்லாமல் போனான்" என்று ஆகும்.

டைம் கார்டைத் தினமும் போட்டோ எடுங்கள். பே ஸ்லிப்பில் ஓடி மணியும் ஓடிக் காசும் தனித்தனியாக இருக்க வேண்டும். மொத்தமாக ஒரே தொகை போட்டிருந்தால் அதுவே ஒரு குறை. ஓடிக் காசு சம்பளக் காலம் முடிந்து 14 நாளுக்குள் வர வேண்டும்.

பெர்மிட்டைக் கேன்சல் செய்யும் அதிகாரம் கம்பெனிக்கு உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் கேன்சல் செய்தாலும் வர வேண்டிய காசு அழியாது. டிஏடிஎம் என்ற அமைப்பில் புகார் கொடுத்தால் முதலில் சமரசம் பேசுவார்கள், ஒத்துவராவிட்டால் வேலை நியமன உரிமைக்கோரல் நடுவர் மன்றத்துக்குப் போகும். அங்கே பொதுவாக 20,000 வெள்ளி வரை கேட்கலாம். வேலையில் இருக்கும்போது புகார் கொடுத்தால் கடைசி ஓராண்டுப் பாக்கிதான் எடுபடும். அதனால் வருஷக்கணக்கில் பொறுத்திருந்தால் பழைய ஓடி மாதம் மாதமாகக் கைவிட்டுப் போகும். வேலையை விட்ட பிறகு என்றால் 6 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். மறுத்ததற்காகவே நீக்கினார்கள் என்று புகார் சொல்ல ஒரு மாதம்தான் கெடு, அதுவும் கடைசி வேலை நாளிலிருந்து. டிக்கெட் கையில் கொடுத்து ஏர்போர்ட்டுக்குக் கிளப்பினால், ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். விமானம் ஏறும் முன் மனிதவள அமைச்சுக்கோ புலம்பெயர்ந்த ஊழியர் நிலையத்துக்கோ போன் செய்யுங்கள். ஏர்போர்ட்டிலேயே இருந்தால் இமிகிரேஷன் கவுண்டரில் நிற்கும் அதிகாரியிடம் சம்பளப் பாக்கி இருக்கிறது என்று சொல்லுங்கள்.