உளுந்தை வண்டிடமிருந்து காப்பாற்ற

“சிதம்பரம் பக்கம். நெல் தரிசு உளுந்து 6 மூட்டை இருக்கு. விலை ஏறட்டும்னு வைத்தால் 2 மாதத்தில் வண்டு ஓட்டை போட்டுவிடுகிறது. என்ன செய்யலாம்?”

ஐயா, இந்த வண்டு பெரும்பாலும் வயலிலேயே காயில் முட்டையிட்டு உள்ளே வந்துவிடும். அதனால் அறையைச் சுத்தம் செய்வது மட்டும் போதாது. ஒரு கைப்பிடி எடுத்துப் பாருங்கள். பருப்பின் மேல் வெள்ளைப் புள்ளி ஒட்டியிருந்தால் அது முட்டை.

தார்ப்பாயில் நன்றாகக் காய வையுங்கள். கடித்தால் டக்கென்று உடைய வேண்டும், நசுங்கக் கூடாது. அப்புறம் நிழலில் முழுதாக ஆறவிடுங்கள். சூட்டோடு கட்டினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும்.

ஆறியதும் காற்றுப் புகாத பையில் கொட்டி, காற்றை அழுத்தி வெளியேற்றி, வாயை முறுக்கி இறுகக் கட்டுங்கள். அதைச் சணல் சாக்குக்குள் வைத்து, கட்டை மேல் அடுக்குங்கள். உள்ளே இருக்கும் பிராணவாயு தீர்ந்ததும் வண்டும் புழுவும் செத்துவிடும், மருந்தே தேவையில்லை. எலி கடித்து ஒரு துளை விழுந்தாலும் பலன் போச்சு, அதைக் கவனியுங்கள்.

வீடுகளுக்கு நேரடியாக விற்பதாக இருந்தால் 6 மூட்டையையும் பெரிய பையில் போடாதீர்கள். திறக்கத் திறக்கக் காற்று ஏறும். 2 மூட்டையைச் சிறு பைகளாகப் பிரித்து, ஒன்று விற்று முடிந்த பிறகு அடுத்ததைத் திறங்கள். மீதி 4 மூட்டையை விலை வரும்வரை தொடவே வேண்டாம்.