பதிவுக் கட்டணம் கேட்கும், வீட்டிலிருந்தே செய்யும் வேலை: சான்றிதழை எப்படிப் படிப்பது?

கேரளத்தில் பாலக்காடு பக்கம் கொழிஞ்சாம்பாறையில் கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். ஆறு மாதமாகக் கணக்கு விஷயத்துக்கு வருகிறவர்களை விட, வேலை கடிதத்தைக் காட்டி "அக்கா, இது நிஜமா?" என்று கேட்க வருகிறவர்கள்தான் அதிகம். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

வேலந்தாவளத்திலிருந்து ஒரு தங்கை: அக்கா, டேட்டா என்ட்ரி வேலை, மாதம் 18,000 என்கிறார்கள். பதிவுக் கட்டணம் 1,850, முதல் சம்பளத்தோடு திருப்பித் தருவார்களாம். ஜிஎஸ்டி சான்றிதழும் அனுப்பினார்கள். நம்பரைத் தட்டிப் பார்த்தேன், நிஜமாகவே இருக்கிறது. கட்டலாமா?

கட்டாதே தங்கச்சி. நம்பர் நிஜம்தான். ஆனால் அது யாருடைய நம்பர் என்பதை நீ பார்க்கவில்லை.

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஜிஎஸ்டி நம்பரில் மொத்தம் 15 எழுத்தும் எண்ணும் இருக்கும். முதல் இரண்டும் மாநிலம். கேரளம் 32, தமிழ்நாடு 33, ஆந்திரா 37. கடிதத்தில் ஆபீஸ் கொச்சியில் என்று போட்டிருக்கிறது, நம்பரோ 33-இல் தொடங்குகிறது. இதை மட்டும் வைத்துப் பொய் என்று சொல்ல மாட்டேன், ஒரே கம்பெனி இரண்டு மாநிலத்திலும் பதிவு வைத்திருக்கலாம். அடுத்த பத்து எழுத்தும் அவர்களுடைய பான் நம்பர். அந்தப் பானில் நான்காவது எழுத்தைப் பார். கம்பெனி என்றால் C இருக்கும், தனி ஆள் என்றால் P. உன் சான்றிதழில் P. கடிதத்தின் தலைப்பிலோ 'பிரைவேட் லிமிடெட்'. இந்த இரண்டும் ஒத்துப்போக வழியே இல்லை.

அப்புறம் www.gst.gov.in போய், Search Taxpayer-இல் அதே நம்பரைப் போட்டேன். லாகின் எதுவும் தேவையில்லை. நீ Active என்ற வார்த்தையைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாய். அதே பக்கத்தில் Legal Name of Business, Constitution of Business, Principal Place of Business என்றும் வரும். அதில் Proprietorship என்று இருக்கிறது, முகவரி திருப்பூர்ப் பக்கம் ஒரு துணிக்கடை. அந்தக் கடைப் பெயரைத் தேடி, பெயர்ப்பலகையில் இருந்த நம்பருக்கே போன் செய்தேன். எடுத்த பெரியவருக்கு டேட்டா என்ட்ரி என்றால் என்னவென்றே தெரியவில்லை. சான்றிதழைக் கடையில் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி மாட்டி வைக்க வேண்டும் என்பது ஜிஎஸ்டி விதி. கல்லாவுக்குப் பின்னால் மாட்டியிருப்பதை யார் வேண்டுமானாலும் போட்டோ எடுக்கலாம் இல்லையா?

இன்னும் ஒன்று பார். பணம் அனுப்பச் சொன்ன யூபிஐ ஐடியை ஆப்பில் போடு, அனுப்பும் முன்னாலேயே வங்கியில் பதிவான பெயர் வரும். அங்கே வருவது கடிதத்தில் உள்ள பெயரும் இல்லை, சான்றிதழில் உள்ள பெயரும் இல்லை என்றால், மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

மீனாட்சிபுரத்திலிருந்து ஒரு தம்பி: நான் இதைவிட உறுதியாகப் பார்த்தேன் அக்கா. கம்பெனிகள் பதிவேட்டில் பெயர் இருக்கிறது, 2016-இல் தொடங்கியது, Active. அப்புறம் என்ன சந்தேகம்?

பாதி சரி தம்பி. அந்தப் பெயரில் ஒரு கம்பெனி இருக்கிறது என்பது வரைக்கும் நிச்சயம். உனக்கு வாட்ஸ்அப்பில் எழுதுகிறவர் அந்தக் கம்பெனி ஆள்தான் என்று பதிவேடு சொல்லாது. நல்ல பெயருள்ள கம்பெனியின் லோகோவை எடுத்து ஒட்டுவது இவர்களுக்கு ஐந்து நிமிட வேலை. கடிதத்தில் உள்ள போன் நம்பரை விட்டுவிடு. கம்பெனியின் சொந்த இணையதளத்தைத் தேடி, அங்கே கொடுத்திருக்கிற நம்பருக்குப் பேசி, "இந்தக் கடிதம் நீங்கள் கொடுத்ததா, இதற்குப் பணம் வாங்குகிறீர்களா" என்று கேள். மின்னஞ்சல் முகவரியையும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார், ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தாலும் அது வேறு ஆள்.

கோபாலபுரத்திலிருந்து ஒரு அண்ணன்: என் மகள் டாலி கிளாஸ் சேர 4,500 கட்டினாள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அதுவும் ஏமாற்றுத்தானா?

இல்லைங்க அண்ணா. அவள் படிப்புக்குப் பணம் கட்டியிருக்கிறாள், சொல்லித்தர ஆள் இருக்கிறார், உட்கார இடம் இருக்கிறது, ரசீதும் இருக்கும். நான் சொல்வது சம்பளம் தருகிறேன் என்கிறவன் முதலில் நம்மிடம் பணம் கேட்பதை. "படித்து முடித்ததும் வேலை உறுதி" என்று அந்த சென்டரிலும் சொல்லியிருந்தால், எந்தக் கம்பெனியில், எந்த வேலை என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

வாளையாரிலிருந்து ஒரு அக்கா: நான் 2,200 கட்டிவிட்டேன். நான்கு நாளில் 600 படிவம் டைப் செய்தேன். 90 சதவீதமாவது சரியாக இருக்க வேண்டும், அது இல்லை, அக்ரிமென்ட்டை மீறிவிட்டாய், 7,000 கட்டு, இல்லாவிட்டால் போலீஸ் வந்து கைது செய்யும் என்று வக்கீல் நோட்டீஸ் வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது. ராத்திரி தூக்கமே இல்லை.

அக்கா, அந்த 7,000-ஐக் கட்டாதீர்கள். இந்த ஆட்டத்தில் பதிவுக் கட்டணம் வெறும் தூண்டில், அவர்கள் சம்பாதிப்பதே இந்த நோட்டீஸில்தான். அதனால்தான் படிவத்தை மங்கலான படமாகக் கொடுத்து, யாராலும் எட்ட முடியாத அளவைப் போடுகிறார்கள். தப்பு எத்தனை என்று எண்ணுவதும் அவர்களேதான், நீங்கள் சரிபார்க்க வழியே கிடையாது.

அக்ரிமென்ட்டை மீறினதாக ஒருவர் சொன்னாலும் அது சிவில் விஷயம், அதற்காகப் போலீஸ் வந்து கைது செய்யாது. ஏமாற்றி வாங்கிய கையெழுத்தை, ஏமாந்தவர் வேண்டாம் என்று தள்ளிவிட 1872 ஒப்பந்தச் சட்டமே இடம் தருகிறது. ஆனால் ஒரு நிஜமான கோர்ட் சம்மன் கோர்ட் வழியாக வந்து சேர்ந்தால் அதைத் தூக்கிப் போடக் கூடாது, வக்கீலிடம் காட்டுங்கள். இதுவரை என்னிடம் வந்த நான்கு பேருக்கும் அப்படி ஒன்று வரவில்லை.

இன்றைக்குச் செய்ய வேண்டியது இதுதான். கோபத்தில் சாட்டை அழித்துவிடாதீர்கள், எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அக்ரிமென்ட், நோட்டீஸ், பணம் போன ரசீது எல்லாம் வேண்டும். ரசீதில் 12 இலக்க யூடிஆர் நம்பர் இருக்கும், அதைத்தான் முதலில் கேட்பார்கள். 1930-க்குப் போன் செய்து, cybercrime.gov.in-இலும் புகார் பதியுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்கு ஓடும் முன் சொன்னால்தான் நிறுத்தி வைக்க முடியும். உங்களுக்கு ஒன்பது நாள் ஆகிவிட்டது, 2,200 திரும்பும் என்று ஆசை காட்ட மாட்டேன். ஆனாலும் புகார் எண் கையில் இருக்கட்டும், மறுபடி மிரட்டினால் அந்த எண்ணை மட்டும் அனுப்பிவிட்டு பிளாக் செய்யுங்கள்.

அதே அக்கா மறுபடியும்: பணம் போன கணக்கு தமிழ்நாட்டில். நம்ம ஸ்டேஷனில் எடுப்பார்களா?

எடுக்கணும். எந்த ஸ்டேஷன் எல்லையில் நடந்திருந்தாலும் புகாரை வாங்க வேண்டும் என்று இப்போதைய சட்டத்தில் இருக்கிறது. "கோயம்புத்தூருக்குப் போ" என்று சொன்னால், இணையத்தில் பதிந்த புகாரின் நகலைக் காட்டுங்கள். மலையாளத்தில் எழுதத் தயக்கமாக இருந்தால் வாங்க, நான் எழுதித் தருகிறேன்.

சித்தூரிலிருந்து ஒரு தம்பி: கோவையில் நிஜமான ஆபீஸ் அக்கா. நேரில் போய் இன்டர்வியூ முடித்தேன், என்னை மாதிரி இருபது பேர் வேலை செய்கிறார்கள். லேப்டாப் தருவதற்கு 3,000 டெபாசிட் கேட்கிறார்கள்.

இதில் என்னால் முடிவாகச் சொல்ல முடியவில்லை தம்பி. ஆபீஸைப் பார்த்திருக்கிறாய், ஆளையும் பார்த்திருக்கிறாய். டெபாசிட் வாங்கும் சின்னக் கம்பெனிகளும் இருக்கத்தான் செய்கின்றன. எனக்கு அது பிடிக்காது, ஆனால் அதற்காகவே மோசடி என்று சொல்லவும் முடியாது. முதல் மாதச் சம்பளத்தில் அந்த 3,000-ஐப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுப் பார். மறுத்தால், கம்பெனி பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு மட்டும்தான் அனுப்புவேன், லேப்டாப் கைக்கு வந்த பிறகுதான் அனுப்புவேன் என்று சொல். அங்கே வேலை செய்கிற ஒருவரை வெளியே டீக்கடையில் பிடித்து, விட்டுப் போனவர்களுக்கு டெபாசிட் திரும்பியதா என்றும் விசாரி. என்ன சொன்னார்கள் என்று எழுது, அடுத்த வாரம் பார்க்கலாம்.